லோ சுகருக்கு வாங்கி வைக்கும் பெட்டிகள்: அட்டையில் எதைப் பார்ப்பது, வீட்டில் எங்கே வைப்பது

தாம்பரம் பக்கம் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். சர்க்கரை ஏறினால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் நிறையப் பேர். இறங்கினால் என்ன செய்வது என்று கேட்பவர்கள், பெரும்பாலும் வீட்டில் ஒருமுறை பயந்துவிட்டு வருபவர்கள். அவர்கள் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். அளவுகள் பொதுவானவை. உங்கள் டாக்டர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் உங்களுக்கு.

"சுகர் இறங்கினா ரெண்டு ஸ்பூன் சீனி போட்டுக் குடிச்சா போதாதா? இதுக்குன்னு தனியா குளுக்கோஸ் எதுக்கு?"

பலருக்குப் போதும். ஆனால் நீங்கள் போடும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொல்ல முடியும். அதில் வாக்லிபோஸ் அல்லது அகார்போஸ் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தனி மாத்திரையாக இல்லாவிட்டாலும், மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, வாக்லிபோஸ் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை நம் ஊரில் ஏராளமாக எழுதப்படுகிறது. சாப்பிடுபவருக்கே உள்ளே மூன்று மருந்து இருப்பது தெரியாது.

சீனி என்பது குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள். குடலில் ஒரு நொதி அதை இரண்டாக வெட்டிய பிறகுதான் ரத்தத்தில் சேரும். வாக்லிபோஸின் வேலையே அந்த நொதியைத் தடுப்பது. சாதாரண நாளில் அது நல்லது, சாப்பிட்டதும் சர்க்கரை எகிறாது. லோ வந்த நேரத்தில் அதே மருந்து நீங்கள் கொடுக்கும் சீனியையும் வெல்லத்தையும் வாசலிலேயே நிறுத்திவிடும். குளுக்கோஸை வெட்ட வேண்டியதில்லை என்பதால் அதற்கு இந்தத் தடை கிடையாது.

என் அப்பாவுக்கு இப்படித்தான் ஆனது. காலையில் அந்த மூன்று மருந்து மாத்திரையைப் போட்டுவிட்டு, கல்யாண வீட்டில் இலை போடத் தாமதமாகி, பசியோடு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் கை நடுங்கியது, சட்டை நனைய வியர்த்தது. மீட்டரில் 58. அம்மா மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். கால் மணி நேரம் கழித்து 61. மறுபடி மூன்று ஸ்பூன். இன்னும் கால் மணி நேரம், 66. நான் கடையிலிருந்து குளுக்கோஸ் பவுடர் கொண்டுபோய்க் கரைத்துக் கொடுத்தேன். அடுத்த கால் மணியில் 94. கதை அங்கேயும் முடியவில்லை. வாசலில் நின்ற சீனி எல்லாம் மெல்ல உள்ளே வந்து சாயங்காலம் 250-ஐத் தாண்டியது. ராத்திரியில் கிளிமிபிரைடு மறுபடி இறக்கிவிடுமோ என்று இரண்டு தடவை எழுப்பிப் பார்த்தோம். மருந்துக்கடைக்காரன் வீட்டிலேயே ஒரு டப்பா குளுக்கோஸ் இல்லை. அன்றைக்கு எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

"குளுக்கோஸ் மாத்திரை டியூப் வாங்கினேன். ஒரு தடவைக்கு எத்தனை சாப்பிடணும்?"

மாத்திரை எண்ணிக்கையை மனப்பாடம் செய்யாதீர்கள், கிராமை நினைவில் வையுங்கள். பெரியவர்களுக்கு ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் 15 கிராம் மாவுச்சத்து. குழந்தைகளுக்கு எடைக்கு ஏற்ப, கிலோவுக்குச் சுமார் 0.3 கிராம். 30 கிலோ பிள்ளைக்கு 9 கிராம் வரும்.

டியூபின் பின்பக்கம் ஊட்டச்சத்துக் கட்டம் இருக்கும். அதில் "கார்போஹைட்ரேட்" வரியைப் பாருங்கள். பார்த்ததும் அந்த எண் எதற்கு என்று மேலே தலைப்பைப் படியுங்கள். ஒரு மாத்திரைக்கா, ஒரு வேளைக்கா, 100 கிராமுக்கா? இங்கேதான் வழுக்கும். ஒரு டியூபில் "16 கிராம்" என்று போட்டிருந்தது, வாங்கியவர் ஒரு மாத்திரையில் 16 என்று நினைத்துவிட்டார். சின்ன எழுத்தில் "ஒரு வேளை என்பது 4 மாத்திரை" என்று இருந்தது. அதாவது ஒன்றுக்கு 4 கிராம்தான். அவர் ஒன்றே ஒன்றைச் சப்பிவிட்டு, வேலை செய்யவில்லை என்று டியூபோடு கடைக்கு வந்தார்.

4 கிராம் மாத்திரை என்றால் நான்கு. 3 கிராம் மாத்திரை என்றால் ஐந்து. கணக்குப் போட்டு, டியூப் மேல் பெரிய எழுத்தில் "4 சாப்பிடு" என்று மார்க்கரில் எழுதிவிடுங்கள். சுகர் இறங்கிய மூளை பொடி எழுத்தைப் படிக்காது. சப்பாமல் நன்றாக மென்று விழுங்குங்கள். 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள், இன்னும் 70-க்குக் கீழே என்றால் அதே அளவு மறுபடி. ஏறிய பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் இரண்டு இட்லியோ நாலு பிஸ்கட்டோ சாப்பிடுங்கள்.

இன்னொன்று. சர்க்கரை நோயாளிகள் காபியில் போடும் இனிப்பு மாத்திரையும் குட்டி டப்பாவில்தான் வருகிறது. சேர்மானத்தில் அஸ்பார்டேம், சுக்ரலோஸ், சாக்கரின் என்று இருந்தால் அதில் சர்க்கரையே இல்லை, லோவுக்கு அது வெறும் இனிப்பு ருசி. இரண்டையும் ஒரே பையில் போடவே போடாதீர்கள்.

"எங்க ஊர்ல மாத்திரை கிடைக்கல, பவுடர்தான் இருக்கு. அதை எப்படி அளக்கறது?"

பவுடர் நல்ல மாற்று. முதலில் சேர்மானப் பட்டியல். எது அதிகமோ அது முதலில் வரும் என்பது விதி. டெக்ஸ்ட்ரோஸ் அல்லது குளுக்கோஸ் முதலில், அதுவும் ஏறக்குறைய முழுவதுமாக இருந்தால் சரி. டெக்ஸ்ட்ரோஸ் என்பது குளுக்கோஸின் இன்னொரு பெயர்தான். ஆரஞ்சு, எலுமிச்சை வாசனை போட்ட வகைகளில் சீனி கலந்திருக்கலாம். வாக்லிபோஸ் சாப்பிடுபவர் வாசனை இல்லாத வெள்ளைப் பவுடரையே எடுப்பது பாதுகாப்பு.

அடுத்தது அளவு. கடைப் பவுடர் பெரும்பாலும் டெக்ஸ்ட்ரோஸ் மோனோஹைட்ரேட், அதன் எடையில் சுமார் 9 சதவீதம் ஒட்டியிருக்கும் நீர். அதனால் 100 கிராமில் மாவுச்சத்து 91 கிராம் அளவில் இருக்கும். 15 கிராம் வேண்டுமானால் 15-ஐ 91-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள், 16.5 வரும். சமையல் தராசு இருந்தால் ஒருமுறை 16 அல்லது 17 கிராம் நிறுத்து, அது உங்கள் வீட்டு ஸ்பூனில் எத்தனை என்று எண்ணிவிடுங்கள். ஸ்பூனுக்கு ஸ்பூன் மாறும், தலை தட்டியதற்கும் குவித்ததற்கும் ஏறக்குறைய இரட்டிப்பு வித்தியாசம். நான் நிறுத்த அளவைச் சின்ன ஜிப் கவர்களில் போட்டு அப்பாவின் சட்டைப் பையில் ஒன்று, வண்டிச் சாவிக்கொத்தோடு ஒன்று என்று வைத்திருக்கிறேன். அரை டம்ளர் தண்ணீரில் கரைத்தால் போதும். ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்தால் குடித்து முடிப்பதற்குள் அரை மணி ஆகிவிடும்.

"ஓ.ஆர்.எஸ். பாக்கெட்லயும் குளுக்கோஸ்னுதான் போட்டிருக்கு. அது ஆகாதா?"

ஆகாது, காரணம் அளவு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம். 200 மி.லி. டம்ளரில் 2.7 கிராம்தான் இருக்கும். 15 கிராம் சேர ஒரு லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும். அது பேதிக்கான மருந்து, அதற்கு அந்த அளவுதான் சரி.

குளுக்கோஸ் பிஸ்கட்டும் பெயரில்தான் குளுக்கோஸ். உள்ளே மைதாவும் எண்ணெயும் சீனியும். சாக்லேட்டில் கொழுப்பு அதிகம், வயிற்றைவிட்டு மெல்லத்தான் நகரும். இரண்டையும் சுகர் ஏறிய பிறகு சாப்பிடலாம், ஏற்றுவதற்கு அல்ல.

"மாத்திரை சாப்பிட்டு அஞ்சு நிமிஷத்துல 210 காட்டிச்சு. ஆனா நடுக்கம் போகவே இல்லையே?"

விரலைக் கழுவினீர்களா? குளுக்கோஸ் மாத்திரையைப் பிடித்த விரலில் அதன் தூள் ஒட்டியிருக்கும். அதன்மேல் குத்தினால் மீட்டர் அளப்பது உங்கள் ரத்தத்தையும் அந்தத் தூளையும் சேர்த்து. தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து மறுபடி பாருங்கள். தண்ணீர் கிடைக்காத இடத்தில் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டைப் பயன்படுத்துங்கள். உடம்பு லோ என்கிறது, மீட்டர் இல்லை என்கிறது என்றால், கழுவிய விரல் சொல்லும் வரை உடம்பை நம்புங்கள்.

"மாத்திரை டியூப்ல தேதி முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு. தூக்கிப் போட்டுடணுமா?"

புதிது வாங்குங்கள். ஆனால் இப்போது லோ வந்து, கையில் அது மட்டும்தான் இருக்கிறது என்றால் தயங்காமல் மெல்லுங்கள். அது வெறும் குளுக்கோஸ், மூன்று மாதத்தில் சத்து ஓடிவிடாது.

நம் கடற்கரை ஊர்களில் தேதிக்கு முன்பே கெடுப்பது ஈரம்தான். மூடி சரியாக இறுகாத டியூபில் மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகும், அல்லது பிசுபிசுத்துப் பழுப்பேறும். கல்லான மாத்திரையை நடுங்குகிற கையால் டியூபிலிருந்து எடுக்கவே முடியாது. மாதம் ஒருமுறை டியூபைக் குலுக்குங்கள். கலகலவென்று சத்தம் வந்தால் நல்லது. பைக் பெட்டியும் கார் டேஷ்போர்டும் வேண்டாம்.

தேதியைப் படிப்பதில் ஒரு சின்ன விஷயம். உணவு வகையாக விற்கும் டப்பாக்களில் சில நேரம் காலாவதித் தேதியே இராது, "பேக் செய்ததிலிருந்து இத்தனை மாதத்துக்குள்" என்று மட்டும் இருக்கும். பேக் செய்த தேதி வேறு பக்கத்தில், டப்பாவின் அடியிலோ மடிப்பிலோ அச்சாகியிருக்கும். இரண்டையும் தேடிக் கூட்டி, முடிவுத் தேதியை நீங்களே மேலே எழுதிவிடுங்கள்.

"குளுக்ககான் கிட்னு டாக்டர் எழுதியிருக்கார். குளுக்கோஸும் அதுவும் ஒண்ணா?"

பெயர்தான் ஒன்றுபோல் ஒலிக்கிறது. குளுக்ககான் ஒரு ஹார்மோன். இன்சுலினைப் போலவே கணையத்தில் சுரப்பது, வேலை நேர் எதிர். கல்லீரலில் சேமித்திருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும். மயங்கிவிட்ட, விழுங்க முடியாத, வலிப்பு வந்த ஆளுக்கானது. அவர் வாயில் சீனியோ தண்ணீரோ ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும், அது லோவைவிடப் பெரிய ஆபத்து.

முக்கியமாக இன்சுலின் போடுபவர்கள் வீட்டுக்கு, அதிலும் டைப் 1 பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இது எழுதப்படுகிறது. கல்லீரலில் இருப்பு இருந்தால்தான் வேலை செய்யும் என்பதை மறக்காதீர்கள். நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவருக்கும் நிறையக் குடித்தவருக்கும் பலன் குறைவு. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையால் வந்த லோ மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப இறக்கும். அதில் மயங்கியவரை, ஊசி போட்டு எழுந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

எல்லாக் கடையிலும் இருப்பு இருக்காது. இரண்டு நாள் முன்பே சொல்லி வரவழைக்கச் சொல்லுங்கள்.

"ஆரஞ்சு கலர் பெட்டி வாங்கினோம். உள்ளே பவுடர் குப்பியும் தண்ணி நிரப்பின சிரிஞ்சும் இருக்கு. எதைப் போடறது?"

இரண்டையும் கலந்துதான். இந்த வகையில் அடிக்கடி நடக்கும் தவறு, பதற்றத்தில் சிரிஞ்சை எடுத்து நேரே குத்திவிடுவது. சிரிஞ்சில் இருப்பது 1 மி.லி. சுத்தமான தண்ணீர் மட்டுமே, மருந்து குப்பியில் 1 மி.கி. பவுடராக இருக்கிறது. ஹார்மோன் தண்ணீரில் கரைந்த நிலையில் நாள்பட நிற்காது என்பதால்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

முதலில் ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கூட ஒருவர் இருந்தால் அவரை 108-க்கு அழைக்கச் சொல்லுங்கள். குப்பியின் பிளாஸ்டிக் மூடியைத் தட்டி எடுங்கள். சிரிஞ்சு ஊசியை ரப்பர் வழியே இறக்கித் தண்ணீர் முழுவதையும் குப்பிக்குள் செலுத்துங்கள். ஊசியை எடுக்காமலே குப்பியை மெல்லச் சுழற்றுங்கள், கரைந்து தெளிவாகும். கூழ் போல் இருந்தாலோ, துகள் மிதந்தாலோ பயன்படுத்தக் கூடாது. தெளிந்ததும் முழுவதையும் சிரிஞ்சுக்குள் இழுத்து, காற்றுக் குமிழியை வெளியேற்றித் தொடையின் வெளிப்பக்கத்தில் போடுங்கள். தோலுக்கு அடியிலும் போடலாம், தசையிலும் போடலாம். பெரியவர்களுக்கு முழுதும். 25 கிலோவுக்குக் கீழே உள்ள குழந்தைக்குப் பாதி, அதாவது 0.5 மி.லி. கலந்தவுடன் போட வேண்டும், மீதியை எடுத்து வைக்கக் கூடாது.

சுமார் 10 நிமிடத்தில் கண் திறப்பார். திறக்கவில்லை என்றால் இரண்டாவது கிட்டைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். அவருக்கு நரம்பு வழியே குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், அதற்கு ஆம்புலன்ஸும் ஆஸ்பத்திரியும்தான் வழி. எழுந்தவுடன் வாந்தி வருவது இந்த மருந்தின் இயல்பு, ஒருக்களித்துப் படுக்க வைப்பது அதற்கும்தான். நன்றாக விழுங்க முடிகிறபோது இனிப்பான பானம், பிறகு சாப்பாடு. கல்லீரல் இருப்பு காலியாகியிருக்கும், அதை நிரப்பாவிட்டால் மறுபடி இறங்கும்.

"பெட்டியில 'வெளியே வைக்கலாம்'னு இருக்கு. அப்புறம் ஏன் ஃபிரிட்ஜ்ல வைக்கச் சொல்றீங்க?"

முழு வரியையும் படியுங்கள். இந்த ஆரஞ்சுப் பெட்டி ஐரோப்பிய அச்சில் வரும்போது, 2 முதல் 8 டிகிரி வரை ஃபிரிட்ஜில் வைக்கவும், 25 டிகிரிக்குக் கீழே என்றால் வெளியே 18 மாதம் வரை வைக்கலாம் என்று இருக்கும். சென்னையிலோ வேலூரிலோ ஏ.சி. இல்லாத அறை வருஷத்தில் எத்தனை நாள் 25-க்குக் கீழே இருக்கும்? அந்தச் சலுகை நம் வெயிலுக்கு எழுதியதல்ல. உங்கள் பெட்டியில் வேறு வெப்பநிலை இருந்தால் அதைப் பின்பற்றுங்கள், ஆனால் அந்த எண்ணை உங்கள் அறையோடு ஒப்பிட்ட பிறகு.

ஃபிரிட்ஜிலும் எங்கே என்பது முக்கியம். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஐஸ் பெட்டிக்கு அடியிலும் பின்சுவரை ஒட்டியும் உறையும். நடுத் தட்டில், மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். உறைந்துவிட்டால் அதை எறிய வேண்டியதுதான், உருகியதும் பார்க்க நன்றாக இருந்தாலும். வெளிச்சம் படாதபடி அதன் பெட்டியிலேயே இருக்கட்டும். ஊருக்குப் போகும்போது இன்சுலினுக்கு வைக்கும் குளிர் பையில், ஐஸ் கட்டி நேரே தொடாதபடி, கையோடு எடுத்துப் போகும் பையில். ரயிலில் சீட்டுக்கு அடியில் பூட்டிய பெட்டிக்குள் இருந்தால் அவசரத்துக்கு எடுக்க முடியாது.

"ரெண்டு தேதி வருதே, எதைப் பார்க்கணும்?"

எது முதலில் வருகிறதோ அதை. ஏ.சி. அறையில் வெளியே வைக்கிறவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு. பெட்டியில் காலாவதி 03/2027 என்று இருக்கிறது, நீங்கள் 2025 ஜனவரி 5 அன்று ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தீர்கள் என்று வையுங்கள். 18 மாதம் கூட்டினால் 2026 ஜூலை 5. அச்சிட்ட தேதிக்கு எட்டு மாதத்துக்கு மேல் இருந்தாலும் ஜூலை 5-உடன் முடிந்தது. அதே பெட்டியில் 02/2026 என்று இருந்திருந்தால் 18 மாதம் பேச்சுக்கே இடமில்லை, 2026 பிப்ரவரி 28 தான் கடைசி. மாதமும் வருஷமும் மட்டும் போட்டிருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை செல்லும்.

எடுத்த தேதியைப் பெட்டி மேல் எழுதாதவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பயன்படாது. வாங்கும்போதே கவுண்டரில் தேதியைப் பாருங்கள். ஆறு மாதம்தான் மிச்சம் என்றால் வேறு பெட்டி வரவழைக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை, விலை சும்மா இல்லை.

"அமெரிக்காவுல இருக்கற தம்பி மூக்குல போடறது அனுப்பியிருக்கான். அதையும் ஃபிரிட்ஜ்லயா?"

மூக்கில் போடும் பக்சிமி 3 மி.கி. பவுடர், 30 டிகிரி வரை தாங்கும். அது வரும் குழாயின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் வைத்திருங்கள், ஈரம் புகுந்தால் போச்சு. சரியாக வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்க்காதீர்கள். உள்ளே ஒரே ஒரு டோஸ், அழுத்தினால் தீர்ந்தது. மயங்கியவர் உறிஞ்ச வேண்டியதில்லை, சளி பிடித்திருந்தாலும் போடலாம்.

கலந்தே வரும் ஜிவோக் என்ற ஊசியும் அங்கே உண்டு. அதை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது, அதன் ஃபாயில் உறையிலேயே அறை வெப்பத்தில் 20 முதல் 25 டிகிரி வரை. எல்லாம் குளுக்ககான்தான், ஆனால் ஒன்றின் விதி மற்றொன்றுக்குக் கேடு. அனுப்பியவர் பெட்டியைக் கிழித்து உள்ளே இருப்பதை மட்டும் அனுப்பியிருந்தால், பெட்டியின் படத்தையாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

"குளுக்ககான் தேதி முடிஞ்சு போச்சு. அதை என்ன பண்றது?"

குளுக்கோஸ் மாத்திரைக்குச் சொன்ன சமாதானம் இதற்குச் செல்லாது. ஹார்மோன் நாளாக நாளாகச் சிதையும், எவ்வளவு மிச்சம் என்று பார்த்துச் சொல்ல முடியாது. தேதி முடிவதற்கு ஒரு மாதம் முன்பே போனில் அலாரம் வைத்துப் புதியதை வாங்குங்கள்.

பழையதை உடனே எறியாதீர்கள். வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்து, அந்தப் பழைய கிட்டைப் பிரித்து, குப்பியில் தண்ணீரைச் செலுத்தி, கரைத்து, இழுத்து, ஒரு ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பாருங்கள். எங்கள் வீட்டில் அம்மாதான் முதலில் செய்தார். மூடியைத் தட்டி எடுக்கவே அவருக்கு இரண்டு நிமிடம் பிடித்தது, நகத்தால் நெம்ப வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. முடிந்ததும் ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி எங்களிடம் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள். பழத்தைச் சாப்பிட வேண்டாம்.